நாலாவது கார்டு

எங்கள் ஊரில் கிடார் வைத்திருந்தவர்களில் நான்தான் முதல் ஆள் என்று நெடுநாள் சொல்லிக்கொண்டு திரிந்தேன். சங்கரன்கோவிலில் அப்போது வேறு யாரிடமும் கிடார் இல்லை என்பதால் கடைசி ஆளும் நான்தான். எண்பதுகளின் தொடக்கம் அது. ஒரு மெல்லிசைக் குழுவில் வாசித்துவந்தேன். ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கச்சேரி, கல்யாணத்துக்குக் கச்சேரி, மிச்ச நாளெல்லாம் அப்பாவின் விசைத்தறிப் பட்டறையில் நூல் கணக்கு. ஒரு பாட்டின் முன்னிசையில் இரண்டு தட்டு கேட்டாலே எந்தப் பாட்டென்று சொல்லிவிடுவேன். அந்தத் திறமையின்மேல் எனக்கிருந்த கர்வத்தைப் பார்த்துக் குழுவில் தபேலா வாசித்தவர், "ஏலே, பாட்டு போடுததுக்கு முன்னாலயே இவன் பேரச் சொல்லுதான்" என்பார். கேலியாகத்தான் சொன்னார். நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

திருவனந்தபுரத்தில் ஒரு கல்யாணக் கச்சேரிக்குப் போனபோது வினை தொடங்கியது. கடற்கரையில் வெள்ளைக்காரர்கள் வந்து தங்கும் ஒரு ஓட்டலில் சாயங்காலங்களில் வாசிக்கும் பேண்டு மாஸ்டர் அந்தக் கல்யாணத்துக்கு வந்திருந்தார். சென்னைக்காரர், பியானோ வாசிப்பவர். என் விரல்களைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சீசன் முழுக்க அவர்களுக்கு ஒரு கிடார் ஆள் வேண்டும், நாளைக்கு ஓட்டலுக்கு வா என்றார். போனேன். மதியம். அவர்கள் ஒத்திகையில் இருந்தார்கள். அவர் பியானோவில் வரிசையாகச் சில கார்டுகளைப் போட்டார். மூன்று நான்கு சுரங்கள் ஒன்றாகச் சேர்ந்து ஒலித்தால் அது ஒரு கார்டு. அதன்மேல் சாக்ஸபோன்காரர் நாலைந்து விநாடிக்கு ஒரு சின்னத் துணுக்கை ஊதினார். ஊதிவிட்டு எல்லோரும் சிரித்தார்கள். மாஸ்டர் என் பக்கம் திரும்பி, "ஜாஸ் ஸ்டாண்டர்டு மேன், எல்லாரும் வாசிக்கற பாட்டு. தெரியுமா?" என்றார்.

"தெரியும்" என்றேன்.

எனக்கு ஜாஸைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அது இட்லிக்குத் தொட்டுக்கொள்ளும் பொருள் இல்லை என்பதுதான். ஆனால் வாய் முந்திக்கொண்டது. "சரி, அடுத்த ஞாயித்துக்கிழமை வா. இதே பாட்டை எங்களோட வாசி. நல்லா இருந்தா சீசன் முழுக்க நீதான்" என்றார் அவர். இரண்டு கை குலுக்கிவிட்டு ரயிலேறினேன். செங்கோட்டை வருவதற்குள் துணுக்கு மறந்துபோகாமல் இருக்க முணுமுணுத்தபடியே வந்தேன். எதிரில் உட்கார்ந்திருந்த அம்மாள் தன் பையை மடிக்கு மாற்றிக்கொண்டார்.

வீட்டில் அப்பாவிடம் சொன்னேன். அப்பா எதற்கும் குரலை உயர்த்துகிறவர் இல்லை. தறிச் சத்தத்துக்குள் வாழ்ந்து, குரலை உயர்த்திப் பிரயோசனமில்லை என்று விட்டுவிட்டவர். "போய்ப் பாரு. கெடச்சா அங்கனயே இரு. கெடைக்கலைன்னா அந்தக் கட்டையத் தூக்கிப் பரண்ல போட்டுட்டுப் பட்டறைய ஒழுங்காப் பாரு. ரெண்டுலயும் காலு வைக்கக் கூடாது" என்றார். நியாயமான பேச்சு. என் வாழ்க்கை முழுவதும் ஒரு பாட்டின் பெயரில் வந்து நின்றது இப்படித்தான்.

எனக்குக் கல்யாணமாகி அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மனைவி அம்பாசமுத்திரத்துக்காரி, சின்ன வயதிலிருந்து வாய்ப்பாட்டு முறையாகக் கற்றவள். ஓட்டல் வேலை கிடைத்தால் சீசன் முழுக்க நான் அங்கே, அவள் இங்கே. அதைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. "என்ன பாட்டு அது?" என்று மட்டும் கேட்டாள். தெரியாது என்று சொல்ல அவளிடமும் எனக்கு வாய் வரவில்லை. "ஒரு ஸ்டாண்டர்டு" என்றேன்.

முதல் வேலை, நினைவில் இருந்த கார்டுகளைக் கிடாரில் கண்டுபிடிப்பது. கீழே ஒலித்த தடித்த சுரங்கள் நன்றாக நினைவிருந்தன. ஒவ்வொன்றும் முந்தையதிலிருந்து நாலாவது சுரத்துக்குத் தாவியது. மேல்நாட்டு இசைப் பெயரில் சொன்னால் இ, அதிலிருந்து ஏ, அதிலிருந்து டி. முதல் கார்டு மைனர், கொஞ்சம் சோகமாகக் கேட்கும். இரண்டாவது, ஏதோ வரப்போகிறது என்று காத்திருக்க வைக்கும் செவன்த். மூன்றாவது, மெத்தையில் உட்கார்ந்த மாதிரி ஒரு மேஜர் செவன்த். இ மைனர் செவன்த், ஏ செவன்த், டி மேஜர் செவன்த். மூன்றும் பிடிபட்டதும் நான் பட்டறையையே வாங்கிவிட்டவன் மாதிரி நடந்தேன். நாலாவது கார்டு மட்டும் சரியாக வரவில்லை. டி-யே மறுபடி வந்தது போலவும், ஆனால் முகம் வாடிப்போய் வந்தது போலவும் ஒரு நினைவு. இப்போதுதான் உட்கார்ந்தவன் உடனே வாடுவானா, நாம் கேட்டது தப்பாக இருக்கும் என்று அதை ஒதுக்கிவிட்டேன்.

இனி பாட்டைத் தேட வேண்டும். கடையநல்லூரில் வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வந்திருந்த ஒரு பாய் இருந்தார். அங்கே பெரிய ஓட்டல் ஒன்றில் மேசை பார்க்கும் வேலை. எங்கள் கச்சேரிகளுக்கு வருவார். அங்கிருந்து வரும்போது ஓட்டலில் போடும் இசையெல்லாம் கேசட்டில் பதிந்து அட்டைப்பெட்டி நிறையக் கொண்டுவந்திருந்தார். பஸ்ஸைப் பிடித்துப் போய்க் கேட்டேன். "எடுத்துட்டுப் போங்க அண்ணாச்சி. அங்க தினமும் கேட்டுக் கேட்டு எனக்குக் காதே புளிச்சிப்போச்சி. இங்க வந்து ஒரு தடவைகூடப் போடல" என்று பெட்டியோடு கொடுத்தார். பெட்டி பெரிதாக இருந்ததால் பஸ்ஸில் அதற்கும் ஒரு டிக்கெட் போடப் பார்த்தார் கண்டக்டர்.

கேட்பதில்தான் சங்கடம். கரண்ட் இருந்தால் தறி ஓடும். தறி ஓடினால் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. அப்போது பகலில் மின்வெட்டு உண்டு. அந்த நேரத்தில்தான் வீடு அமைதியாகும். ஆனால் கரண்ட் இல்லாதபோது டேப்ரிக்கார்டர் பேட்டரியில்தான் ஓடவேண்டும். என் பேட்டரிகளோ வெயிலில் காயவைத்துக் காயவைத்து உயிர் பிழைத்துக்கொண்டிருந்தவை. பேட்டரி களைத்தால் டேப் மெதுவாக ஓடும், மெதுவாக ஓடினால் சுருதி இறங்கும். ஆகவே கேசட்டில் வரும் சுரம் எந்தச் சுரம் என்பதை நம்பக்கூடாது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எவ்வளவு தூரம் என்பதை மட்டுமே நம்பலாம். இந்த ஞானம் எனக்கு உடனே வந்தது. இதைவிட முக்கியமான ஞானம் வராமல் நின்றது.

எங்கள் நாட்டு இசையில் வளர்ந்த காதுக்கு ஒரு பழக்கம் உண்டு. பாட்டு எங்கே தொடங்குகிறதோ, அங்கேதான் ஸ என்று முதலில் நினைத்துக்கொள்ளும். பின்னால் தம்புரா இருந்தால் அது திருத்திவிடும். ஜாஸுக்குப் பின்னால் தம்புரா கிடையாது. நான் இ-யை ஸ என்று வைத்துக்கொண்டேன். இ மைனர் என்றால் சோகப் பாட்டு. ஆகவே கேசட் கேசட்டாகச் சோகப் பாட்டுகளைத் தேடினேன்.

கிடைத்தும் விட்டது! மெதுவாகப் போகும் ஒரு பாட்டு. சுருதி வேறாக இருந்தாலும் முதல் மூன்று கார்டு அச்சாக அதே தூரத்தில் தாவின. மைனர், செவன்த், மேஜர். நாலாவது கார்டும் அதேபோல நாலாவது சுரத்துக்குத் தாவி வேறொரு மேஜருக்குப் போனது. அங்கங்கே சுற்றிவிட்டுக் கடைசியில் ஒரு மைனரில் போய் விழுந்து அழுதது. சோகம்! நான் நினைத்தது சரி! சாக்ஸபோன்காரர் ஊதிய துணுக்கு இதில் எங்கேயும் இல்லை. அதனால் என்ன, அது அவருடைய சொந்தக் கற்பனையாக இருக்கும். நாலாவது கார்டும் பொருந்தவில்லை. அதனால் என்ன, என் நினைவுதான் தப்பு. துணுக்கு தப்பு, நாலாவது கார்டு தப்பு, மற்றதெல்லாம் சரி என்று முடிவுகட்டி அந்தப் பாட்டை முழுமூச்சாகப் பயிற்சி செய்யத் தொடங்கினேன்.

வாரத்தின் நடுவில் ஒரு மின்வெட்டு நேரம். நான் கூடத்தில் உட்கார்ந்து அந்த மூன்று கார்டையும் மாற்றி மாற்றி வாசித்து, மேலே அந்தத் துணுக்கையும் முனகிக்கொண்டிருந்தேன். மனைவி உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள், முறத்தோடு வந்து நின்றாள்.

"எதை ஸ-ன்னு வச்சிருக்கிய?"

"இதை" என்று இ தந்தியைத் தட்டினேன்.

அவள் அந்தச் சுரத்தை விடாமல் பிடித்து "ஆ" என்று நின்றாள். நான் வாசித்தேன். முதல் கார்டில் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவதில் முகம் சுளித்தாள். "துணுக்கு முடியுற எடத்தப் பாருங்க. ரி-ல வந்து தொங்குது. எந்தப் பாட்டாவது இப்படி ரி-யப் புடிச்சித் தொங்கிக்கிட்டு நிம்மதியா இருக்குமா?"

"ஜாஸ்னா அப்படித்தான்" என்றேன். அதுவரை அவ்வளவு ஜாஸ் படித்தவன் நான்.

அவள் "ஆ"வை ஒரு முழு சுரம் கீழே இறக்கி டி-யில் நிறுத்தினாள். "இப்ப வாசிங்க." வாசித்தேன். முதல் கார்டு ரி-யிலிருந்து கிளம்பியது, இரண்டாவது பஞ்சமத்தில் ஏறிக் காத்திருந்தது, மூன்றாவது நேராக ஸ-வில் வந்து உட்கார்ந்தது. துணுக்கின் கடைசிச் சுரம் அழகாக ஒரு காந்தாரத்தில், கை கால் நீட்டிப் படுத்த மாதிரி வந்து முடிந்தது. சோகமே இல்லை. வெளியில் கிளம்பியவன் வீட்டுக்கு வரும் பாட்டு. ஸ எங்கே என்பதே தெரியாமல் நான் வாரத்தில் பாதியை அழுது தீர்த்திருந்தேன்.

"சரி, அடுத்த கார்டு என்ன?" என்றாள்.

"அது எனக்கு ஞாபகம் சரியில்ல. டி-யே மறுபடி, ஆனா மைனரா வந்த மாதிரி இருந்துச்சு. அப்படி இருக்க முடியாது" என்று சொல்லிக்கொண்டே போட்டுக்காட்டினேன். ஸ அதே ஸ. பெரிய காந்தாரம் மட்டும் சின்னதாயிற்று. அவள் அந்த ஸ-வை வாய்க்குள் பாடிப்பார்த்தாள். பிறகு முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "அடேயப்பா! முதல் கார்டும் ஒரு மைனர்தானே? அது ரி-ல நின்னுச்சு. இந்த மைனரும் அப்படித்தான். ஸ-வே இப்ப ரி ஆயிட்டுது! அதே மூணையும் ஒரு படி கீழ வாசிங்க." டி மைனர், ஜி செவன்த், சி மேஜர். அவள் "ஆ"வை சி-க்கு இறக்கினாள். அச்சாகப் பொருந்தியது. பாட்டு பாதியிலேயே ஸ-வைத் தூக்கிக்கொண்டு ஒரு படி கீழே குடிபோய்விட்டது! எங்கள் கச்சேரியில் யாராவது இப்படிச் செய்தால் சுருதிப்பெட்டிக்காரர் எழுந்து போய்விடுவார். நான் தப்பு என்று தள்ளிய நாலாவது கார்டுதான் இந்தப் பாட்டின் வாசல்படி.

இனி தேடுவது எளிதாயிற்று. சோகம், சந்தோஷம் எதுவும் வேண்டாம். அவள் கேசட்டோடு சேர்ந்து ஸ பிடிப்பாள். கொஞ்ச நேரத்தில் அது பொருந்தாமல் போய், ஒரு படி இறங்கினால் மறுபடி பொருந்த வேண்டும். பேட்டரி எவ்வளவு இளைத்தாலும் குரல் கூடவே இளைத்து ஈடுகட்டிவிடும். பெட்டியில் பாதிக் கேசட் அவள் தொண்டையில் அடிபட்டு விழுந்தது. கடைசியில் ஒரு கேசட்டின் பக்கம் முடியும் இடத்தில், மிச்ச நாடாவை வீணாக்க மனமில்லாமல் பாய் பதிந்திருந்த ஒரு பாட்டின் தொடக்கம். அவள் "ஆ" இறங்கியது. மறுபடி இறங்கியது. மூன்று வீடு! அதோடு, பாட்டின் முதல் வரியே அந்த சாக்ஸபோன் துணுக்கு! ஒரு முறை, பிறகு அதே துணுக்கு ஒரு படி கீழே. மூன்றாவது வீட்டில் நிற்கும்போது நாடா தீர்ந்து கட்டென்று நின்றது.

உறையில் பாய் தன் கையெழுத்தில் பாட்டின் பெயரை எழுதியிருந்தார். நான் கூடத்தில் ஒரு குதி குதித்தேன். கார்டும் பொருந்துகிறது, துணுக்கும் பொருந்துகிறது. கோர்ட்டில் இரண்டு சாட்சி போதாதா?

அவள் மட்டும் நின்றுபோன டேப்ரிக்கார்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கடைசி வரி இல்லையே. ஸ திரும்பி வருதா இல்லையான்னு தெரியலையே" என்றாள்.

"மூணு படி இறங்குனது நாலாவதும் இறங்கும். இதுல என்ன?" என்றேன் நான். படி இருந்தால் இறங்குவது என் சுபாவம்.

ஞாயிற்றுக்கிழமை கடற்கரை ஓட்டலில் நுழையும்போது மாஸ்டர் கேட்காமலே பாட்டின் பெயரைச் சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே. சாக்ஸபோன்காரர் தலையைக் குனிந்துகொண்டார், தோள் குலுங்கியது. மாஸ்டர் என்னை வியப்போடு பார்த்தார். "அது இல்ல மேன். ஆனா எப்படி அது உனக்குத் தோணுச்சு?" என்றார்.

நான் துணுக்கை வாசித்துக்காட்டினேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு பொறுமையாக விளக்கினார். ஜாஸ்காரர்கள் பழைய பாட்டின் கார்டுகளை அப்படியே எடுத்துக்கொண்டு மேலே புது மெட்டுப் போடுவார்கள். கார்டு ஒன்று, பாட்டு இரண்டு. ஒருவர் தன் முறைக்குத் தனித்து வாசிக்கும்போது குறும்புக்கு இன்னொரு பாட்டின் வரியை நடுவில் செருகுவதும் உண்டு. அன்று சாக்ஸபோன்காரர் ஊதியது அதுதான். கார்டு இந்தப் பாட்டினுடையது, வரி அந்தப் பாட்டினுடையது. இரண்டுக்கும் கார்டு ஒன்று என்பதால் கச்சிதமாகப் பொருந்தியது. அதனால்தான் அன்று எல்லோரும் சிரித்தார்கள். அதாவது நான் ஒரு வாரம் உட்கார்ந்து, பேட்டரி காயவைத்து, பெட்டி சுமந்து, பாட்டை விட்டுவிட்டு நகைச்சுவையைக் கண்டுபிடித்திருந்தேன்.

"பரவாயில்ல, கார்டு தெரியுதில்ல? வா" என்றார்.

வாசித்தேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், நன்றாகவே வாசித்தேன். டி-யில் வீடு, சி-யில் வீடு, பி ஃப்ளாட்டில் வீடு. காதுக்குள் அவளுடைய "ஆ" படிப்படியாக இறங்கிக்கொண்டே வந்தது. மாஸ்டர்கூடத் தலையாட்டினார். பிறகு கடைசி வரி வந்தது. அவர்கள் எல்லோரும் ஒரு தாவில் மேலே ஏறி, பழைய இ மைனரையும் ஏ செவன்த்தையும் பிடித்து டி-க்கே திரும்பிவிட்டார்கள். நான் மட்டும் தனியாக இன்னொரு படி இறங்கி ஏ ஃப்ளாட்டில் போய் நின்றேன். டி-க்கும் அதற்கும் உள்ள தூரம் ஸ-வுக்கும் பிரதி மத்யமத்துக்கும் உள்ள தூரம். சேர்த்து அடித்தால் பல் கூசும். ஜன்னலோரம் டீ குடித்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரர் கோப்பையைக் கீழே வைத்தார்.

மாஸ்டர் பியானோவை மூடினார். கோபப்படவில்லை. அதுதான் இன்னும் வலிக்கிறது. "அன்னிக்கே 'தெரியாது, சொல்லுங்க'ன்னு கேட்டிருந்தா பேரும் சொல்லியிருப்பேன், கடைசி வரியும் காட்டியிருப்பேன். ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். பேண்டுல ஒருத்தர ஒருத்தர் கேட்டுக்கணும் மேன். தெரியும்னு சொல்ற ஆளை வச்சிட்டு நான் என்ன பண்ண?" என்றார். அந்தப் பாட்டின் பெயரைப் போகும்போது அவரே சொன்னார். இங்கே எழுதப்போவதில்லை. ஒரு வாரம் உழைத்தும் கிடைக்காததை உங்களுக்கு இப்படிச் சும்மா கொடுக்க மனம் வரவில்லை.

மறுநாள் மதியம் வீடு வந்தேன். மின்வெட்டு நேரம். தறி நின்றிருந்தது. அப்பா என் முகத்தைப் பார்த்தார், பரணைப் பார்த்தார், பட்டறைக்குள் போனார். கூடத்தில் மனைவி நின்றிருந்தாள். வேலை கிடைத்ததா என்று கேட்பாள் என்று பதிலைத் தயாராக வைத்திருந்தேன்.

"கடைசில ஸ திரும்பி வந்துச்சா?" என்றாள்.

"வந்துச்சு. நான்தான் வரல" என்று நடந்ததையெல்லாம் சொன்னேன். வேலை இல்லை என்றேன். அவள் சட்டென்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்காக அழுகிறாள் என்று நினைத்து ஆறுதல் சொல்லப் போனேன். பார்த்தால் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"நீங்க போயிருவியளோன்னு வாரம் பூரா எனக்குச் சோறு எறங்கல" என்றாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "அப்போ ஏன்டி கண்டுபிடிச்சிக் குடுத்தே? அந்தச் சோகப் பாட்டோடயே என்னை விட்டிருந்தா வாசல்லயே திருப்பி அனுப்பியிருப்பாங்களே?"

அவள் யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள்.

"விட்டுரலாம்னுதான் ரெண்டு நாள் வாய மூடிக்கிட்டு இருந்தேன்" என்றாள். "நீங்க தப்பான ஸ-வ வச்சிக்கிட்டு அந்தப் பாடு படுததக் காது பொறுக்கல."